வேலூரிலிருந்து இங்கிலாந்துக்குத் தீபாவளிப் பெட்டி: எதை வைப்பது, எப்படிக் கட்டுவது, எவ்வளவு செலவாகும்

என் தங்கை குடும்பத்துடன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறாள். அவளுக்கு முதன்முதலில் தீபாவளிப் பெட்டி அனுப்பிய ஆண்டில், ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோவும், வீட்டில் சுட்ட முறுக்கும், கரிகிரியில் வாங்கிய மெருகு பூசிய மண்சாடி ஒன்றும் வைத்து அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்தபோது பேடா இல்லை. அதை எடுத்து அழித்துவிட்டதாக ஓர் அறிவிப்புச் சீட்டு மட்டும் உள்ளே இருந்தது. சாடி மூன்று துண்டாகக் கிடந்தது, முறுக்கு பொடியாகியிருந்தது. பேடா போனதற்குக் காரணம் எளிதில் விளங்கியது. சாடி ஏன் உடைந்தது என்பது, தங்கை அனுப்பிய படங்களை உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: நான் சாடியைச் சுற்றி வைத்திருந்த வைக்கோல் முழுவதும் காணாமல் போயிருந்தது. சோதனைக்காகப் பெட்டியைத் திறந்தவர்கள் வைக்கோலை அகற்றிவிட்டு, சாடியை அப்படியே திரும்ப வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அனுமதி, மதிப்பு, அளவு, உடைசல் ஆகிய நான்கையும் தனித்தனியாக யோசித்ததுதான் என் தவறு. அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆகவே பொருளை வாங்கிய பின் பெட்டியைத் தேடுவதை விட்டுவிட்டு, கீழே சொல்லும் வரிசையில் வேலையைத் தொடங்குங்கள். இங்கே சொல்லும் விதிகள் பிரிட்டனுக்குரியவை. வேறு நாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு வரிசை பொருந்தும், ஆனால் தடைப் பட்டியலும் வரி வரம்பும் மாறும்.

முதல் படி: உள்ளே போகாதவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளிலிருந்து இறைச்சியையும் பால் பொருளையும் தனியார் அனுப்புவதற்கு பிரிட்டன் அனுமதிப்பதில்லை. கால்நடை நோய்கள் பரவக்கூடும் என்பதே காரணம். ஆகவே எவ்வளவு நன்றாகக் காய்ச்சியது, எவ்வளவு பெயர்பெற்ற கடையில் வாங்கியது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பிஸ்கட், சாக்லேட், மிட்டாய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், பதப்படுத்தாத பால் பொருள் வழக்கத்துக்கு மிஞ்சிய அளவில் சேர்ந்த இனிப்புகள் அந்த விலக்குக்குள் வருவதில்லை. மக்கன் பேடா கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி பாதாம் பொதிந்து, பொரித்துப் பாகில் ஊறவைப்பது. எனவே நம் ஊரின் பெயர் சொல்லும் அந்தப் பண்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தே ஆகவேண்டும். பால்கோவா, பால் பேடா, பர்பி ஆகியவற்றுக்கும் இதுவே கதி. நெய்யில் செய்யும் மைசூர்பாகு, நெய் சேர்த்த தீபாவளி லேகியம் ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்; சோதிப்பவரின் தீர்ப்பை நம்பி ஒரு கிலோ இனிப்பை அனுப்புவதில் எனக்கு விருப்பமில்லை என்பதால் அவற்றையும் நான் வைப்பதில்லை.

காய், கனி, பச்சை இலை, பூ, விதை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும் என்பது பொது விதி. தேங்காய், வாழைப்பழம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நமக்குப் பெருமைதான், ஆனால் காயாகவோ விதையாகவோ அதைத் தீபாவளிப் பெட்டியில் நுழைக்க வேண்டாம். கறிவேப்பிலை வேண்டுமென்று கேட்டால், இலையாக அல்லாமல் வறுத்து அரைத்த பொடியாக அனுப்புங்கள்.

அடுத்தவை விமானத்தில் ஏறக்கூடாதவை. பட்டாசு கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள். பூஜைச் சாமான்களோடு சேர்ந்து கவனிக்காமலேயே உள்ளே போய்விடும் இரண்டு பொருள்கள்தான் தொல்லை தருபவை: ஒன்று கற்பூரம், மற்றொன்று தீப்பெட்டி. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்று சரக்கு விதிகளில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. கடையில் கட்டிக்கொடுக்கும் பூஜைப் பொட்டலத்தை அப்படியே வைக்காமல், பிரித்துப் பார்த்துவிட்டு வையுங்கள். அத்தர் புட்டி, தெளிக்கும் வாசனைக் குப்பி, பவர் பேங்க் ஆகியவையும் வேண்டாம்.

பாட்டி வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கை அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. விளக்கின் வயது உங்களுக்கே உறுதியாகத் தெரியாதபோது அது வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசியாக வைக்கோல். அது பெட்டியில் திணிக்கும் பொருள்தானே என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் காய்ந்த புல்லும் வைக்கோலும் கால்நடை நோயைக் கடத்தக்கூடியவை என்பதால் அவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. மண்பாண்டக் கடைகளில் வைக்கோல் சுற்றித்தான் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கடைசித் துரும்பு வரை அகற்றிவிட்டு, பாண்டத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகும் மீதம் நிறையவே இருக்கிறது. முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, மல்லாட்டை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, அதிரசம், குடியாத்தம் லுங்கி, ஆம்பூர் தோல் செருப்பு, கரிகிரி மண்பாண்டம் என்று பெட்டியை நம் வட்டாரத்துச் சரக்காலேயே நிரப்பலாம்.

இரண்டாம் படி: யாருக்கு எது என்று பிரித்து மதிப்பு எழுதுங்கள்

பிரிட்டனுக்கு வரும் அன்பளிப்பின் மதிப்பு 39 பவுண்டு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இறக்குமதி வாட் வரி இல்லை. அது ஒரு தனி மனிதர் மற்றொரு தனி மனிதருக்கு, பிறந்தநாள், பண்டிகை போன்ற ஒரு காரணத்துக்காக, சொந்தப் பயன்பாட்டுக்கென்று அனுப்புவதாக இருக்கவேண்டும். 39 பவுண்டைத் தாண்டினால் வாட் உண்டு. 135 பவுண்டைத் தாண்டினால் சுங்க வரியும் சேரும்.

பலரும் அறியாத ஒரு வழி இங்கே இருக்கிறது. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அன்பளிப்பு இருந்து, ஒவ்வொன்றும் யாருக்கு என்பதும் அதன் தனி மதிப்பும் சுங்க அறிவிப்பில் எழுதப்பட்டிருந்தால், 39 பவுண்டு வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஆகவே ஒவ்வொருவரின் பொருளையும் தனியாக உறையிட்டு, மேலே பெயர் எழுதுங்கள்.

என் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். கணக்குக்காக ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று கொண்டால், 39 பவுண்டு என்பது 4,485 ரூபாய். தங்கைக்கு மண்சாடி 900, அகல்விளக்கு ஆறு 120, எள்ளுருண்டை அரைக் கிலோ 350, ஆக 1,370 ரூபாய். அவள் கணவருக்குக் குடியாத்தம் லுங்கி இரண்டு 900, முறுக்கு ஒரு கிலோ 450, ஆக 1,350 ரூபாய். அவர்கள் மகளுக்குப் பாவாடை சட்டை 2,400, மல்லாட்டை மிட்டாய் அரைக் கிலோ 200, ஆக 2,600 ரூபாய். எல்லாம் சேர்ந்து 5,320 ரூபாய், அதாவது 46 பவுண்டுக்குச் சற்று மேல். ஒரே அன்பளிப்பாக எழுதியிருந்தால் வரம்பைத் தாண்டியிருக்கும். மூவருக்கென்று எழுதியதால் மிகப் பெரிய பங்கே 23 பவுண்டுக்குள் அடங்கிவிட்டது.

ஆரணிப் பட்டுப்புடவையை இந்தப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 9,200 ரூபாய்ப் புடவை என்றால் 80 பவுண்டு. 39 பவுண்டைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள் என்று நினைக்கவேண்டாம்; ஒரே பொருளாக இருப்பதால் அதன் முழு மதிப்புக்கும் 20 விழுக்காடு வாட் வரும். அதுவே 16 பவுண்டு. அஞ்சலில் சென்றால் வரியைக் கட்டி விடுவித்ததற்காக ராயல் மெயில் 8 பவுண்டு கையாளும் கட்டணமும் வாங்கும். அன்பளிப்பைப் பெறுபவள் இருபத்துநான்கு பவுண்டுக்குக் குறையாமல் கட்டினால்தான் அது கைக்கு வரும். ஊருக்கு வந்து திரும்பும் உறவினர் யாரிடமாவது புடவையைக் கொடுத்தனுப்புவது மேல்.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. கூரியர் கடையிலேயேகூட, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் என்று போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். அது பொய்யான அறிவிப்பு என்பது ஒருபுறம் இருக்க, பெட்டி தொலைந்தால் நீங்கள் எழுதிய ஐந்நூறுதான் உங்கள் உரிமையின் எல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். வீட்டில் சுட்ட பலகாரத்துக்கு, அதே பண்டம் கடையில் விற்கும் விலையை எழுதினால் போதும்.

பொருளின் பெயரை எழுதும் விதமும் முக்கியமானது. 'ஸ்வீட்ஸ்' என்று மட்டும் எழுதினால், பால் இனிப்பாக இருக்குமோ என்ற ஐயத்திலேயே பெட்டியைத் திறப்பார்கள். எதனால் செய்தது, பால் உண்டா இல்லையா என்பது அறிவிப்பிலேயே தெரியட்டும். நான் எழுதுவது இப்படி:

```
Gift 1 for (name): glazed clay jar 1, clay lamps 6,
  sesame jaggery balls 500 g, no milk or ghee - INR 1370
Gift 2 for (name): cotton lungi 2,
  fried rice flour snack 1 kg, no milk or butter - INR 1350
Gift 3 for (name): child's skirt set 1,
  peanut jaggery candy 500 g, no milk or ghee - INR 2600
```

இதை எழுதுவதற்கு அது உண்மையாக இருக்கவேண்டும். முறுக்கு மாவில் நாம் வழக்கமாக வெண்ணெய் சேர்ப்போம். இந்தப் பெட்டிக்குச் சுடும்போது வெண்ணெய்க்குப் பதிலாகக் காய்ச்சிய எண்ணெயை மாவில் ஊற்றிப் பிசையுங்கள். அதிரசம் செய்தால் கையில் நெய் தடவித் தட்டாமல் எண்ணெய் தடவித் தட்டுங்கள். சுவையில் சிறிது வேறுபாடு இருக்கத்தான் செய்யும். பண்டம் போய்ச் சேர்வது உறுதியாகும்.

மூன்றாம் படி: பெட்டியின் அளவை எடையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. இரண்டு எடைகளில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்திக் கணக்கிடுவார்கள். காற்றுக்கும் காசு என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் உணரலாம்.

மேலே சொன்ன பொருள்களின் எடை 4.2 கிலோ. பெட்டியும் சுற்றுப்பொருளும் சேர்ந்து 5.7 கிலோ. கடையில் எடுத்துக்கொடுத்த பெட்டி 45க்கு 35க்கு 30 சென்டிமீட்டர் என்றால், பெருக்கினால் 47,250, வகுத்தால் 9.45, கட்டணம் 9.5 கிலோவுக்கு. அதே பொருள்களை 38க்கு 30க்கு 28 பெட்டியில் அடக்கினால் 31,920ஐ வகுத்து 6.38, கட்டணம் 6.5 கிலோவுக்கு. கிலோவுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்டியை மாற்றியதிலேயே 2,100 ரூபாய் மிச்சம். கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும், நீங்கள் கேட்கும் கடையிலும் வேறாக இருக்கும். ஆனால் இரண்டு பெட்டிகளுக்கிடையேயான இந்த மூன்று கிலோ வேறுபாடு மாறாது.

இதே கணக்கை ஒவ்வொரு பொருளுக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது. சாடி இல்லாமல் இருந்திருந்தால் மற்றவை எல்லாம் 30க்கு 28க்கு 22 பெட்டியில் அடங்கி 4 கிலோவுக்குள் முடிந்திருக்கும். அதாவது 900 ரூபாய்ச் சாடியைக் கொண்டுபோய்ச் சேர்க்க 1,750 ரூபாய் ஆகிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்கை சிறுவயதில் அம்மாவுடன் கரிகிரிக்குப் போய்ச் சாடி பொறுக்கியவள். அவளுக்கு அந்தப் பச்சை மெருகு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதே 1,750 ரூபாயை ஓர் எவர்சில்வர் டப்பாவுக்காகச் செலவிடுவது வீண்.

அஞ்சலா கூரியரா என்பதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் எளியது. இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்கும், உடையாத பொருள்களுக்கு அஞ்சலகத்தின் பன்னாட்டு விரைவு அஞ்சல் போதும். மண்பாண்டம் உள்ள பெட்டியைக் கூரியரில் அனுப்புகிறேன், ஏனெனில் அதில் பெட்டி கைமாறும் இடங்கள் குறைவு. எப்படி அனுப்பினாலும் அடையாள அட்டையின் நகலை எடுத்துச் செல்லுங்கள். பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பதைப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். அஞ்சலகத்தில் மதிப்புக் குறைந்த சிறு பொட்டலத்துக்கு சி.என்.22 சீட்டும், பார்சலுக்கு சி.என்.23 படிவமும் தேவை.

நான்காம் படி: சாடியைக் கட்டுவது

முதலில் வாங்கும்போதே பாருங்கள். மயிரிழைக் கீறல் மெருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். கரிகிரியில் கடைக்காரப் பெண்மணி ஒருவர்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். "அம்மா, பார்த்து எடுக்காதீங்க, தட்டி எடுங்க" என்று சொல்லி, சாடியை இடது உள்ளங்கையில் தளர்வாக ஏந்திக்கொண்டு, வலது கையின் சுட்டுவிரல் மூட்டால் வயிற்றுப்பகுதியில் தட்டினார். நல்ல சாடி 'டிங்' என்று ஒலித்து அந்த ஒலி ஒரு கணம் நிற்கும். கீறல் உள்ளது 'டொக்' என்று அங்கேயே அடங்கிவிடும். அப்படி அடங்கிய சாடி வீட்டு அலமாரியில் பத்து ஆண்டு இருக்கலாம், விமானப் பயணத்தைத் தாங்காது. கழுத்து ஒடுங்கி, காது நீண்டிருக்கும் வடிவத்தைத் தவிருங்கள். உருண்டு திரண்ட, காதில்லாத சாடியே நன்றாகப் போய்ச் சேரும்.

கட்டும்போது மூடியைச் சாடியின் மேல் வைத்துக் கட்டக்கூடாது. பெட்டி ஒருமுறை குலுங்கினாலும் மூடியும் வாயும் மோதி விளிம்பு சில்லாகப் பெயரும். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். சாடிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாக நிரப்புங்கள். அழுத்தித் திணித்தால் உள்ளிருந்தே விரிசலைத் தூண்டும். பிறகு பபுள் ராப்பை, குமிழ்கள் பொருளின் பக்கம் இருக்கும்படி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வாய்ப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் தனியாக ஓர் அடுக்கு கூடுதலாக வையுங்கள், அங்கேதான் அடிபடும்.

இப்படிச் சுற்றிய சாடி ஒரு சிறு அட்டைப்பெட்டிக்குள் போகவேண்டும். என் சாடி 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 13 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. அதற்கு ஒவ்வொரு பக்கமும் 20 சென்டிமீட்டர் உள்ள உட்பெட்டி. எல்லாப் பக்கமும் கசக்கிய காகிதம். அந்த உட்பெட்டி, வெளிப்பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாமல் நடுவில் மிதக்கவேண்டும். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் மெத்தை இருந்தால் நல்லது. வெளிப்பெட்டி ஐந்தடுக்கு அட்டையாக இருக்கட்டும். மளிகைக் கடையில் பிஸ்கட் வந்த மூன்றடுக்குப் பெட்டி அடுக்கிவைக்கும் பாரத்தைத் தாங்காது.

இங்கேதான் கட்டணமும் உடைசலும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மெத்தை கூடினால் கன அளவு எடை கூடும், குறைத்தால் சாடி போய்விடும். அதற்கு நான் கண்ட வழி, துணிகளையே மெத்தையாக்குவது. லுங்கி இரண்டையும் பாவாடை சட்டையையும் அவரவர் பெயர் எழுதிய பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, உட்பெட்டியின் இரு பக்கங்களிலும் மேற்புறத்திலும் மடித்து வைத்துவிட்டேன். காசு கொடுத்து அனுப்பும் இடத்தில் காகிதம் உட்காராமல் துணி உட்கார்ந்தது.

அகல்விளக்குகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து அடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, தட்டையாகப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்கும்படி வரிசையாக ஒரு சிறு டப்பாவில் நிறுத்துங்கள். மேலிருந்து வரும் அழுத்தத்தை மண் ஓடு நிற்கும் நிலையில் தாங்கும் அளவுக்குப் படுத்த நிலையில் தாங்காது.

எல்லாவற்றையும் சோதனையிடுபவர் திறப்பார் என்றே எண்ணிக் கட்டுங்கள். அவருக்கு நேரம் குறைவு. பபுள் ராப்பை அடுக்கடுக்காக டேப் போட்டுப் பூட்டிவிட்டால் அவர் கத்தியால் கிழிப்பார், திரும்பச் சுற்றமாட்டார். ஒரே ஓரத்தில் ஒரு சிறு டேப் துண்டு, அதன் நுனியை மடித்து இழுப்பதற்கு வாகாக விட்டுவிடுங்கள். உட்பெட்டியின் மூடியில் உள்ளே இருப்பதன் படத்தையும், திரும்ப வைக்கும் விதத்தைச் சொல்லும் இரண்டு வரி ஆங்கிலக் குறிப்பையும் ஒட்டி வைக்கிறேன். இரண்டாம் ஆண்டு பெட்டி திறக்கப்பட்டிருந்தது. சாடி முழுதாக இருந்தது.

ஐந்தாம் படி: பலகாரம்

முறுக்கு இரண்டு காரணங்களால் கெடும்: ஒன்று நமுத்துப்போவது, மற்றொன்று நொறுங்குவது. தீபாவளி நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதால் முதல் தொல்லை இயல்பானது. மழை விட்ட நாளாகப் பார்த்துச் சுடுங்கள். ஏற்கெனவே காய்ந்த எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள். இங்கே இரண்டு நாளில் தின்றுவிடும்போது தெரியாத காறல் வாடை, மூன்றாம் வாரம் உறையைப் பிரிக்கும்போது முகத்தில் அடிக்கும். சுட்டதைக் காகிதத்தில் பரப்பி முழுவதுமாக ஆறவிடுங்கள். ஆறியதா என்பதை அறிய, நான்கு முறுக்கை ஓர் உறையில் போட்டுக் கட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். உறையின் உட்புறம் இலேசாக மங்கினாலும் சூடு இன்னும் இருக்கிறது. அப்படிக் கட்டியது வழியிலேயே பூசணம் பிடிக்கும்.

நொறுங்காமல் இருப்பதற்கு அச்சும் டப்பாவும் பொருந்தவேண்டும். உருளை டப்பாவின் குறுக்களவை முதலில் அளந்து, முறுக்கை அதற்குச் சற்றுக் குறைவான வட்டமாகப் பிழியுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஐந்துக்கு ஒருமுறை காகித வட்டம் வைத்து, மேலே மிஞ்சும் இடத்தைக் கசக்கிய வெண்காகிதத்தால் அடைத்து மூடுங்கள். டப்பாவை ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக்கூடாது. மெல்லிய தேன்குழலை விட, மூன்று சுற்று உள்ள கனமான கைமுறுக்கு நன்றாகத் தாங்கும். எள்ளுருண்டையும் மிட்டாயும் உடைவதற்கு அஞ்சவேண்டியவை அல்ல. வெல்லம் கசிந்து ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினால் போதும். அதிரசம் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பது அதைச் செய்பவரின் பாகுப் பதத்தைப் பொறுத்தது, ஆகவே என் பெட்டியில் அது இல்லை. ஊறுகாய் போன்ற எண்ணெய்ப் பண்டங்களையும் நான் வைப்பதில்லை, ஒரு மூடி கசிந்தால் எல்லாமே பாழாகும்.

ஆறாம் படி: ஒட்டுவது, நாள் குறிப்பது, படம் எடுப்பது

கனமானது கீழே, இலேசானது மேலே என்பது எல்லோரும் அறிந்ததே. மூடியதும் பெட்டியை இரு கைகளாலும் தூக்கி ஆட்டுங்கள். உள்ளே ஓசை கேட்டாலோ எடை ஒரு பக்கம் சரிவது தெரிந்தாலோ திறந்து மீண்டும் அடுக்குங்கள். பிறகு முழங்கால் உயரத்திலிருந்து பாயின்மேல் ஒருமுறை விடுங்கள். வீட்டில் இதைச் செய்ய மனம் வராவிட்டால், நீங்கள் கட்டியதை நீங்களே இன்னும் நம்பவில்லை என்று பொருள். நடுத் தையலில் ஒரு பிரவுன் டேப்பும் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்றும், மேலும் கீழும் போடுங்கள். முகவரியில் அஞ்சல் குறியீட்டையும் அங்குள்ளவரின் கைப்பேசி எண்ணையும் தவறாமல் எழுதி, அதே முகவரியை ஒரு தாளில் உள்ளேயும் வையுங்கள். மேல் ஒட்டிய தாள் உரிந்துவிட்டால் அதுதான் துணை.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே பெட்டி வேலூரை விட்டுப் புறப்படுவது நல்லது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சாடியையும் துணியையும் தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்பே வாங்கி, உட்பெட்டியைக் கட்டி முடித்து, பலகாரத்தை மட்டும் அனுப்புவதற்கு முந்திய இரண்டு நாள்களில் சுடுகிறேன்.

கட்டும் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வையுங்கள். மண்பாண்டமும் உணவும் இழப்பீட்டு விதிகளில் பல நிறுவனங்களில் விலக்கப்பட்டிருக்கும் என்பதால், காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பெறுபவரிடம் பெட்டியைத் திறக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுக்கவும், ஏதேனும் உடைந்திருந்தால் அட்டையையும் காகிதத்தையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு அன்றே எழுதவும் சொல்லுங்கள்.

பெட்டியின் மேலடுக்கில் ஒரு தாளில் நான் எழுதி வைப்பவை மூன்று. மிட்டாயிலும் உருண்டையிலும் மல்லாட்டையும் எள்ளும் இருப்பதால், பள்ளி நண்பர்களுக்குக் கொடுக்குமுன் ஒவ்வாமை உண்டா என்று கேட்கவேண்டும். முறுக்கு சற்று நமுத்திருந்தால், 100 டிகிரி சூட்டில் அடுப்புப் பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். அகல்விளக்கை ஏற்றுவதற்கு முதல் நாள் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால், ஊற்றும் எண்ணெயை மண் குடிக்காது.